ஃபிரீசரில் இருந்த கேஸ்கட்

எங்கள் கல்யாண நாள் ஆவணி மாதத்தில், ஆங்கிலக் கணக்குக்கு ஆகஸ்ட் 28ல் வருகிறது. முகூர்த்தம் குறித்த ஜோசியருக்குச் சம்பளத் தேதியைப் பற்றி என்ன கவலை? ஒன்பது வருடமாக அந்த நாளில் என் பையில் இருப்பது மாதக் கடைசிக் காசுதான். பரிசுக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்குவதே பெரிய விஷயம்.

முதல் வருடம் எனக்கு இதெல்லாம் தெரியாது. தவணையில் 4,800 ரூபாய்க்கு ஒரு சேலை எடுத்தேன். பிரித்துப் பார்த்தவள் முதலில் கேட்டது, "எவ்வளவுங்க?" இரண்டாவது வருடம் எங்கள் புகைப்படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றாள். ஆணி அடிக்க நான் எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன். மூன்றாவது வருடம் நள்ளிரவு கேக். அவள் சிரித்தாள், வெட்டினாள், ஊட்டினாள். பிறகு நான் தூங்கப் போய்விட்டேன். அவள் கிரீம் பிசுக்கு ஒட்டிய தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தத் தண்ணீர்ச் சத்தம் படுக்கை வரை கேட்டது. ஆனாலும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

'லவ் லாங்குவேஜ்' என்ற சொல்லை அலுவலகத்தில் ஒரு தோழி சொல்லித்தான் முதலில் கேட்டேன். அமெரிக்காவில் கேரி சாப்மன் என்ற பாதிரியார், தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்லி வந்தவர், 1992ல் எழுதிய புத்தகத்திலிருந்து பரவிய சொல் அது. பாராட்டு வார்த்தை, கூட இருந்து செலவழிக்கும் நேரம், பரிசுப் பொருள், செய்து கொடுக்கும் வேலை, தொடுகை என்று ஐந்து மொழிகள். ஒவ்வொருவருக்கும் இதில் ஒன்று தாய்மொழி மாதிரி என்பது அவர் வாதம். நீங்கள் உங்கள் மொழியில் அன்பைப் பொழிந்துகொண்டே இருப்பீர்கள், எதிரில் இருப்பவருக்கு அது எட்டவே எட்டாது.

இதைச் சோதிக்க இணையத்தில் கேள்வித்தாள்கள் கிடைக்கின்றன. என் மனைவியிடம் ஒன்றை நீட்டினேன். நாலு கேள்வி வரை போய்விட்டு, "உலை கொதிக்குது" என்று எழுந்து போனாள். அதுவே ஒரு விடை என்பது பின்னால்தான் புரிந்தது.

சாப்மன் சொன்னதில் எனக்கு உருப்படியாகப் பட்டது கேள்வித்தாள் இல்லாத வழி. உங்கள் துணை எதைப் பற்றி அடிக்கடி குறைப்படுகிறார், எதைக் கேட்கிறார், மற்றவர்களுக்கு எப்படி அன்பு காட்டுகிறார் என்று கவனிப்பது. இதில் குறைப்படுவதுதான் நம் வீடுகளுக்கு மிகவும் பொருந்தும் என்பேன். எனக்கு இது வேண்டும் என்று நம் ஆட்கள் கேட்க மாட்டார்கள். "உனக்கு என்ன வேணும்?" என்றால் "ஒண்ணும் வேணாம்" என்றுதான் பதில் வரும். ஆனால் குறை சொல்வதில் யாருக்கும் கூச்சம் கிடையாது.

நாலாவது வருடம் ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து இரண்டு வாரம், அவள் சலித்துக்கொண்டதை எல்லாம் அன்றன்றே போனில் குறித்து வைத்தேன். அவள் சொன்ன வார்த்தையிலேயே. அது முக்கியம், நம் வார்த்தையில் எழுதினால் நமக்குச் சாதகமாக மாறிவிடும். கணக்கு இப்படி வந்தது. "குக்கர் விசில் வர்ற மாதிரி வந்து நின்னுடுது" ஐந்து முறை. "மிக்ஸி அடியில கறுப்பா ஒழுகுது" மூன்று முறை. "இந்தக் கத்தி வெங்காயத்த நறுக்குதா நசுக்குதா" மூன்று முறை. "சிங்க் குழாய் ராத்திரி பூரா சொட்டுது" இரண்டு முறை. "எல்லாத்தையும் நானே ஞாபகம் வெச்சுக்கணும்" நாலு முறை. "எங்கயும் கூட்டிட்டுப் போறதில்ல" ஒரே ஒரு முறை, அதுவும் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊட்டி போய் வந்த அன்று. சேலை, நகை, வாழ்த்து பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

அவளுடைய மொழி வேலை. நானோ மூன்று வருடமாகப் பரிசுப் பொருளில் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதலில் குக்கர். எங்களுடையது ஐந்து லிட்டர். விசில் தாமதமாக வருவதற்கும், கைப்பிடிப் பக்கம் ஆவி புஸ்ஸென்று வெளியேறுவதற்கும் பெரும்பாலும் காரணம் கேஸ்கட்தான். ரப்பர் வளையம் சூட்டில் இறுகி, நீண்டு, மூடியின் விளிம்பில் பிடிப்பில்லாமல் உட்காரும். வளைத்துப் பார்த்தால் விறைப்பாக இருக்கும், உள்விளிம்பில் மெல்லிய வெடிப்பு தெரியும். ஒரு சனிக்கிழமை அவள் பள்ளிக்கூடம் போயிருந்தபோது (அவள் ஆசிரியை, சனிக்கிழமை அரை நாள்) பழைய கேஸ்கட்டைத் தேடினேன். மூடியில் இல்லை. அரை மணி நேரம் தேடி, கடைசியில் ஐஸ் தண்ணீர் எடுக்கப் போனபோது கிடைத்தது, ஃபிரீசரில், ஐஸ் டிரேக்குப் பக்கத்தில்.

வீட்டில் சமைக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. தளர்ந்த கேஸ்கட்டைச் சற்று நேரம் ஃபிரீசரில் வைத்தால் சுருங்கி, அன்றைய ஒரு சமையலுக்குப் பிடித்து நிற்கும். மறுநாள் மறுபடி வைக்க வேண்டும். அந்த வளையத்தை நான் பல மாதமாக அங்கே பார்த்திருக்கிறேன். ஐஸ் எடுக்க அதை ஒதுக்கிக்கூட வைத்திருக்கிறேன். இது ஏன் இங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அதை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனேன். வெறும் 'ஐந்து லிட்டர் கேஸ்கட்' என்று கேட்டு வாங்காதீர்கள். கம்பெனி எது, எத்தனை லிட்டர், உள்மூடியா வெளிமூடியா, மூன்றும் தெரிந்தால்தான் சரியானது கிடைக்கும். ஒரே கம்பெனியில் ஒரே லிட்டரிலேயே அகலக் குக்கருக்கும் உயரக் குக்கருக்கும் அளவு வேறு. பழையதைக் கொண்டு போனாலும், நீண்டு போன வளையம் என்பதால் அதன்மேல் புதியதை வைத்துப் பார்ப்பது ஏமாற்றும். நான் அப்படித்தான் ஏமாந்து ஒரு சுற்றுப் பெரியதை வாங்கி வந்து, மூடியையே எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். 140 ரூபாய். கடைக்காரர் மூடியைத் திருப்பிப் பார்த்து, "சேஃப்டி வால்வு நல்லாத்தான் இருக்கு, வெயிட்டுத் துவாரத்த மட்டும் ஊசி விட்டுச் சுத்தம் பண்ணுங்க" என்றார். அதற்குக் காசு இல்லை.

அடுத்து மிக்ஸி. சட்னி ஜாரின் அடியில் கறுப்பாக ஒழுகினால், பிளேடு சுற்றும் தண்டைப் பிடித்திருக்கும் புஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். சரிபார்க்க ஒரு வழி உண்டு. மிக்ஸியிலிருந்து ஜாரை எடுத்துவிட்டு, பிளேடின் நடு நுனியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சுற்ற மட்டும் வேண்டும். பக்கவாட்டில் ஆடினால் புஷ் போயிற்று. அந்தக் கறுப்பு, தேய்ந்த உலோகமும் பழைய கிரீஸும் கலந்தது, சட்னிக்குள்ளும் போகும். ரிப்பேர்க் கடையில் உட்கார்ந்திருக்கும்போதே மாற்றித் தருவார்கள். நான் வீட்டிலேயே கழற்றப் பார்த்து, திருக வேண்டிய திசை தெரியாமல் இன்னும் இறுக்கிவிட்டேன். கடைக்காரர் எதிர்த் திசையில் ஒரே திருகு திருகினார். பிளேடு, புஷ், அடியில் இருக்கும் கப்ளர் எல்லாம் சேர்த்து 260.

இரண்டு கத்தியும் அரிவாள்மணையும் சாணை பிடிக்க 90. சாணைக்காரர் தெருவில் வராத ஊர்களில் ஒரு பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பு இல்லாமல் சொரசொரவென்று இருக்கும் வளையத்தில் கத்தியை லேசாகச் சாய்த்துப் பத்துப் பதினைந்து முறை இழுத்தாலே ஓரளவு கூர் வந்துவிடும். சிங்க் குழாய் பழைய மாதிரித் திருகு குழாய், உள்ளே ரப்பர் வாஷர். மேல்தொட்டி வால்வை மூடிவிட்டு, குழாய்த் தலையைக் கழற்றி வாஷரை மாற்றினேன். டெஃப்லான் டேப்போடு சேர்த்து 30 ரூபாய்.

கழற்றிய இடமெல்லாம் துடைத்து, எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைத்தேன். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், வேலையைப் பரிசாகக் கொடுக்கிறவர்கள் சறுக்கும் இடம் இதுதான். குழாயை மாற்றிவிட்டுச் சிங்கைச் சேறாக விட்டால், ஒரு வேலையைக் கழித்து இன்னொரு வேலையைக் கூட்டுகிறோம். "ஸ்பேனர் எங்க இருக்கு, பழைய துணி எங்க இருக்கு" என்று அவளையே கேட்டுக்கொண்டிருந்தால், பாதி வேலையை அவள்தான் செய்கிறாள். செய்து முடித்துவிட்டு வாசலில் நின்று அறிவிப்பதும் கூடாது. அதற்கு அவள் நன்றி சொல்லும் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஏற்கெனவே என் பங்காக இருக்கும் வேலையைச் செய்துவிட்டு அதைப் பரிசு என்று சொல்ல முடியாது. கல்யாண நாளன்று மட்டும் பாத்திரம் கழுவுவது இந்த வகை. "இன்னைக்கு ஒரு நாள் நான் சமைக்கிறேன்" என்று ஆரம்பித்து, அடுப்படியைப் போர்க்களமாக்கிவிட்டு வருவதும் இதே வகைதான். நான் செய்ததிலும் நேர்மையாகப் பார்த்தால் பாதி, முன்பே செய்திருக்க வேண்டியதுதான்.

அதனால்தான் ஐந்தாவது குறையை, "எல்லாத்தையும் நானே ஞாபகம் வெச்சுக்கணும்" என்பதை, காசு இல்லாமல் எடுத்துக்கொண்டேன். சிலிண்டர் புக்கிங், தண்ணீர் கேன், பால் கணக்கு, மூன்றும் இனி என்னுடையவை. அதுவரை நானும் இவற்றைச் செய்துகொண்டுதான் இருந்தேன், ஆனால் அவள் சொன்ன பிறகு. "சொன்னா செய்ய மாட்டேனா?" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்! சொல்வதும் ஒரு வேலை, சொல்வதற்காக மனதில் ஓட்டிக்கொண்டே இருப்பது அதைவிடப் பெரிய வேலை என்று தோன்றவில்லை. போனில் மூன்று நினைவூட்டல் போட்டேன். சிலிண்டர் மாற்றிய தேதியைச் சுவரில் பென்சிலால் எழுதினேன், எங்களுக்கு ஒன்று ஏறக்குறைய நாற்பது நாள் வரும்.

மல்லிகை இரண்டு முழம் 80. ஆக 600. அன்றிரவு அடுப்பு பற்ற வைக்காமல் இருக்கப் பரோட்டா பார்சல் 310. ஆயிரத்தில் 90 ரூபாய் மிச்சம்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் குக்கர் நீளமாக ஒரு விசில் அடித்தது. சத்தம் நின்றதும் ஃபிரீசர் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு, "ஏங்க, கேஸ்கட் மாத்துனீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். அன்று மாலை அத்தையிடம் போனில் பேசும்போது சேலையைப் பற்றி மூன்று வருடமாகச் சொல்லாத மாதிரி ஒரு வளையத்தைப் பற்றிப் பத்து நிமிடம் சொன்னாள்.

எல்லா வீட்டிலும் கேஸ்கட் வேலை செய்யாது. பரிசுப் பொருளே மொழியாக இருக்கிறவர்களிடம் இதையே செய்தால் விபரீதம். என் நண்பன் ஒருவன் மனைவியின் பிறந்த நாளுக்குப் புது மிக்ஸி வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் பேச்சு வாங்கினான். "இது வீட்டுக்கு வாங்குனது. எனக்கு என்ன வாங்குன?" நியாயமான கேள்வி. அவள், கல்யாணத்துக்கு முன் சேர்ந்து போன பஸ் டிக்கெட்டைக்கூடப் பர்ஸில் வைத்திருக்கிறவள். அப்படிப்பட்டவர்களுக்கு விலை பெரிதில்லை, 'என்னை நினைத்து எடுத்தது' என்று காட்ட ஒரு பொருள் கையில் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை 3,000 ரூபாய்க்கு வாங்குவதைவிட, அவர் போகிற போக்கில் "இது நல்லாருக்குல்ல" என்று சொன்ன 60 ரூபாய்க் காதணியை மூன்று மாதம் கழித்து நீட்டுவது நன்றாகப் போய்ச் சேரும். 2009ல் ஃபிளின், ஆடம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நிச்சயதார்த்த மோதிரங்களை வைத்து இதைப் பார்த்தார்கள். விலை கூடினால் மதிப்பும் கூடும் என்று கொடுத்தவர்கள் நினைத்தார்கள். பரிசைப் பெற்றவர்களின் மகிழ்ச்சிக்கும் விலைக்கும் அப்படி எந்தத் தொடர்பும் இல்லை. மாதக் கடைசியில் கல்யாண நாள் வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா?

தொடுகை என்றதும் நம் ஆட்கள் நெளிவார்கள். அக்கா நெளியவில்லை. மாமா லாரி ஓட்டுகிறவர், பத்து நாள் வெளியூர், நாலு நாள் வீடு. வந்ததும் குழந்தை மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அக்கா எங்கே எழுந்து போனாலும் கூடவே போவார். அவர் பிறந்த நாளுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தால் மடித்து வைத்துவிடுவார். ஒரு சனிக்கிழமை அக்கா கால் லிட்டர் நல்லெண்ணெயில் நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டு லேசாகக் காய்ச்சி, கைபொறுக்கும் சூட்டில் தலையிலிருந்து பாதம் வரை தேய்த்துவிட்டு, அரை மணி நேரம் வெயிலில் உட்கார வைத்துச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினாள். செலவு நூற்றைம்பது தாண்டாது. அதிலிருந்து ஊருக்கு வரும் சனிக்கிழமைகளைக் கணக்குப் பண்ணித்தான் லோடு எடுக்கிறார். அக்காவின் ஒரே கட்டளை, எண்ணெய் தேய்க்கும்போது போனும் கூடாது, வீட்டுக் கணக்கும் பேசக் கூடாது.

வார்த்தை மொழிக்காரர்களுக்கு ஒரு இன்லேண்டு லெட்டர் போதும், இரண்டரை ரூபாய். ஒரே வீட்டில் இருந்தாலும் தபாலில் போடுங்கள். கவிதை வேண்டாம். சுட்ட கவிதை என்றால் நிச்சயம் கண்டுபிடித்துவிடுவார்கள். தேதியும் இடமும் சொல்லக்கூடிய ஒரு சம்பவத்தை மட்டும் எழுதினால் போதும். 'நீ ரொம்ப நல்லவள்' என்பது யாருக்கும் அனுப்பலாம். 'அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றாவது நாள் ராத்திரி நீ பிளாஸ்க்கில் ரசம் கொண்டு வந்தாய், நான் அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை' என்பதை ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றையும் மறைக்கக் கூடாது. இந்த ஐந்து மொழிக் கணக்கு அறிவியல்படி அவ்வளவு உறுதியானது இல்லை. கனடாவில் எமிலி இம்பெட் என்ற உளவியலாளரும் அவரோடு இருவரும் 2024ல் ஒரு கட்டுரையில் இதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு முதன்மை மொழி என்பதற்குச் சான்று வலுவாக இல்லை. தனித்தனியாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் ஐந்தையுமே முக்கியம் என்கிறார்கள். மொழி பொருந்திய தம்பதிகள் மற்றவர்களைவிடக் கூடுதல் நிறைவோடு இருக்கிறார்கள் என்பதும் நிலைக்கவில்லை. மொழி என்பதைவிடச் சரிவிகிதச் சாப்பாடு என்ற உவமை பொருந்தும் என்கிறார்கள், சோறும் வேண்டும், குழம்பும் வேண்டும், கீரையும் வேண்டும்.

எனக்கு அது சரியாகவே படுகிறது. ஆனாலும் குறிப்பெடுக்கும் பழக்கத்தை விடவில்லை. கையில் ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறது, இலையில் இப்போது எது குறைகிறது என்று பார்த்து அதைத்தானே வைக்க முடியும்? அப்புறம், குறைவது ஒவ்வொரு வருடமும் ஒன்றாகவே இருக்காது.

இந்த வருடக் குறிப்பு அதைத்தான் சொல்கிறது. மிக்ஸி பற்றி ஒன்றும் இல்லை. சிலிண்டர் பற்றி ஒரே ஒரு வரி, ஜூனில் நான் மறந்து ஒரு வேளை இண்டக்ஷனில் சமைத்தபோது வந்தது. "போன கீழ வெச்சுட்டுப் பேசுங்க" ஆறு முறை. "நாம ரெண்டு பேரும் உக்காந்து பேசியே எவ்வளவு நாளாச்சு" நாலு முறை. ஒரு காலத்தில் பக்கத்து வீட்டு ஊட்டியோடு போன "எங்கயும் கூட்டிட்டுப் போறதில்ல" மூன்று முறை, அதில் ஒன்று குரல் தழைந்து.

28ஆம் தேதி எனக்கு அரை நாள் லீவு சொல்லியாயிற்று. அவளுக்கும் அன்று மதியம் வகுப்பு இல்லை. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து முக்கொம்புக்கு டவுன் பஸ், அவளுக்கு மகளிர் இலவசம், எனக்குத்தான் டிக்கெட். புளியோதரை நான் கிளறுகிறேன் என்றேன். "வேணாம், போற வழியில வாங்கிக்கலாம், அடுப்படிய நான் கழுவணும்" என்றாள். என் போனை வீட்டில் வைத்துவிட்டு வருவதாகச் சொன்னதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. பார்க்கலாம் என்கிற மாதிரி ஒரு பார்வை.